வருத்தம் வேண்டாம், வண்டியை அனுப்புங்கள்

தேனி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுபதை நெருங்கும் வாசகி ஒருவர் நமக்கு அனுப்பிய உறையில் மூன்று தாள்கள் இருந்தன. முதலாவது, இணையத்தில் வாங்கிய மாவரைக்கும் கிரைண்டரின் பில். இரண்டாவது, அந்த நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தின் அச்சுப்படி. மூன்றாவது, அதே நிறுவனத்தின் கணினி தானாகவே அனுப்பிய ஒரு வரிச் செய்தி: "வாடிக்கையாளர் பொருளை ஒப்படைக்க மறுத்ததால் உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." மன்னிப்புக் கேட்டவர்களே பத்தாவது நாளில் குற்றத்தைப் புகார் கொடுத்தவர் தலையில் கட்டிவிட்டார்கள். இதைக் கண்டிக்கவே இத்தலையங்கம். நிறுவனத்தின் பெயரை நாம் எழுதவில்லை. பெயரை மாற்றிப் போட்டால் இதே மூன்று தாள்கள் வேறு பல நிறுவனங்களுக்கும் பொருந்தும். பெயர் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுவோம். அவர் கேட்டது 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர். மாவு அரைந்ததும் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தளர்த்தினால் பாத்திரம் அப்படியே சாயும். மாவைக் கீழே வைத்த தூக்கில் வழித்துக்கொள்ளலாம், கழுவிய தண்ணீரையும் அப்படியே கவிழ்த்துவிடலாம். வந்தது அதே நிறுவனத்தின் அதே 2 லிட்டர் கிரைண்டர்தான். நிறம்கூட ஒன்றே. சாயும் வசதி மட்டும் இல்லை. சாயாத கிரைண்டரில் குழவிக்கல்லை எடுத்து வைத்து, கையால் மாவை வழித்து, பிறகு அடிக்கல்லோடு சேர்ந்த பாத்திரத்தைத் தூக்கித் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அடிக்கல் பாத்திரத்தோடு ஒட்டியே இருப்பதால் அந்தக் கனம் முழுவதும் கையில்தான் விழும். தோள்பட்டை வலியால் இரண்டு வருடமாகக் கடை மாவு வாங்கிக்கொண்டிருந்தவர், சாயும் கிரைண்டர் என்பதால்தான் ஏழாயிரம் சொச்சம் கொடுத்திருக்கிறார்.

நிறுவனத்தின் முதல் பதிலைப் பாருங்கள். "இரண்டும் ஒரே கொள்ளளவு, ஒரே மோட்டார். நானூறு ரூபாய் வவுச்சர் தருகிறோம், இதையே வைத்துக்கொள்ள முடியுமா?" இரண்டு மாடலுக்கும் அவர்கள் தளத்திலேயே விலை வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆயிரத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு நானூறைக் கொடுப்பதும், அதையும் அடுத்த முறை தங்களிடமே செலவழிக்க வேண்டிய வவுச்சராகக் கொடுப்பதும் சமாதானமா, வியாபாரமா? கொள்ளளவும் மோட்டாரும் ஒன்றாக இருக்கலாம். எதற்காக அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பொருள் வாங்கியவர்தான் சொல்ல முடியும். அவர் வேண்டாம் என்று பதில் எழுதினார். அதன்பிறகுதான் "இலவசமாக மாற்றித் தருகிறோம், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்ற கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் கண்ணியமாகத்தான் இருக்கிறது. மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் என்கிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறது. வாடிக்கையாளர் திருப்தியே தங்கள் உயிர்மூச்சு என்கிறது. என்ன பொருள் கேட்டார், என்ன பொருள் போனது என்ற இரண்டு விவரமும் அதில் இல்லை. தவறு எங்கே நடந்தது என்று இல்லை. யார் வருவார்கள், எந்த வண்டியில், எந்த நாள் என்று இல்லை. மாற்றுப் பொருள் முன்னே வருமா, பழையது போய்ச் சேர்ந்த பிறகு வருமா என்றும் இல்லை. கீழே கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் "வாடிக்கையாளர் நலக் குழு" என்று போட்டிருக்கிறது. குழுவைத் தொலைபேசியில் கூப்பிட முடியாது.

பிறகு வந்தது பிக்கப். ஒரு பையன் இருசக்கர வண்டியில் முதுகுப் பையோடு வந்திருக்கிறான். எடுக்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள, கல் வைத்த பெட்டி. அது பைக்குள் போகாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் எடையைப் பார்க்கும் முன்பே வேறொன்று தடுத்துவிட்டது. கைபேசியைத் திறந்து, திரையில் இருக்கும் படத்தையும் எதிரே இருக்கும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தவன், "இதுல காட்டுற மெஷின் இது இல்லையேம்மா" என்றிருக்கிறான். "அதத்தாம்ப்பா நானும் பத்து நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றிருக்கிறார் அவர். பையன் சிரித்துவிட்டு, தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிப் போய்விட்டான். மறுநாள் வேறொருவர் வந்து அதையே சொன்னார். மூன்றாம் முறை யாரும் வரவில்லை. புகார் மட்டும் முடிந்துபோயிற்று.

இதில் அந்தப் பையன்கள் மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை. வேரைப் பார்க்க வேண்டும். திருப்பி எடுக்கும் உத்தரவு நிறுவனத்தின் கணினியில் ஆர்டர் எண்ணை வைத்துத்தான் பிறக்கிறது. ஆர்டரில் இருப்பது டில்டிங் மாடல். ஆகவே பிக்கப் ஆளின் திரையில் டில்டிங் மாடலின் படமும் பார்கோடும்தான் வரும். அவர் அதைத்தான் எடுக்க வேண்டும். வேறு எதை எடுத்துப் போனாலும் கிடங்கில் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். வாடிக்கையாளர் கையில் அந்த மாடல் இல்லை என்பதுதான் புகாரே. கையில் இல்லாத பொருளைத் திருப்பிக் கொடு என்று கேட்டு, கொடுக்கவில்லை என்று பதிவு செய்துகொள்கிறது கணினி. தவறான மாடல் போன வழக்குகளில் இது எப்போதாவது நடக்கும் விபத்து அல்ல. புகாரைப் பதியும்போது "வந்து சேர்ந்த பொருள் எது" என்று தனியாக ஒரு கட்டம் இல்லாதவரை ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கும்.

கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாதா? நிச்சயம் தெரியும். தினமும் இந்தப் புகாரைக் கேட்பவர் அவர். அவர் திரையில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் காரணங்கள் நான்கைந்துதான்: உடைந்திருக்கிறது, இயங்கவில்லை, பிடிக்கவில்லை, தவறான பொருள். கடைசிக் காரணத்தைத் தட்டினாலும் அடுத்த கட்டத்தில் ஆர்டர் செய்த பொருளின் விவரமே தானாக வந்து நிரம்பிக்கொள்கிறது. அதை மாற்றி எழுத அவருக்கு அதிகாரமில்லை. மாற்றித் தரும் அதிகாரம் உள்ள அதிகாரி வாடிக்கையாளரிடம் பேசுவதில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மீண்டும் புகார் செய்தபோது வந்த பதில் இது: மதுரையில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு நீங்களே பார்சல் அனுப்பிவிடுங்கள்; ரசீதைக் காட்டினால் இருநூறு ரூபாய் வரை திருப்பித் தருகிறோம்; பெட்டி, தெர்மோகோல், இலவசமாக வந்த தேங்காய்த் துருவி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதாவது தோள்பட்டை வலிக்காகக் கிரைண்டர் வாங்கியவர், அந்தக் கிரைண்டரைப் பெட்டியில் கட்டி, ஆட்டோ பிடித்து, பார்சல் அலுவலகத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். கல் உள்ள பொருள் என்பதால் உள்ளே அசையாமல் கட்ட வேண்டும். வழியில் குழவி உருண்டு பாத்திரம் நசுங்கினால் அதற்கும் அவரே பொறுப்பு. இலவச மாற்றம் என்று கடிதத்தில் எழுதியவர்களுக்கு, செலவு தன் பக்கம் வந்ததும் இருநூறு ரூபாய் எல்லை நினைவுக்கு வருகிறது.

திருப்பி எடுத்துப் போவதை ஏதோ தங்கள் பெருந்தன்மை போல எழுதும் பழக்கம் எல்லா நிறுவனங்களிடமும் இருக்கிறது. இவர்கள் கொஞ்சம் சட்டத்தைப் படித்துப் பார்க்கட்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 15வது பிரிவு, விவரத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் உள்ளார்ந்த நிபந்தனை ஆக்குகிறது. தளத்தில் டில்டிங் என்று போட்டு விற்றால் டில்டிங்தான் வர வேண்டும். 43வது பிரிவு இன்னும் நேரடியானது. மறுக்கும் உரிமையோடு பொருளை மறுக்கும் ஒருவர், வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தாலன்றி, அதை விற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஏற்கவில்லை என்று தெரிவித்தாலே போதும். பார்சல் கட்டுவதும் ஆட்டோ பிடிப்பதும் வாங்கியவர் வேலை இல்லை என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

"வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால்" என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நிபந்தனைகளில் அப்படித்தான் போட்டிருக்கிறோம் என்று வாதிடுவார்கள். தளத்தின் அடியில் பொடி எழுத்தில் பத்துப் பக்கம் இருக்கும் அந்த நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒன்றைத் தனியாக வரையறுத்திருப்பது இதுபோன்ற ஒருதலையான நிபந்தனைகளைக் கேள்வி கேட்கத்தான். அச்சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின் 6, 7வது விதிகள் இன்னும் வெளிப்படை: விளம்பரத்தில் சொன்ன அல்லது ஒப்புக்கொண்ட தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. பிறர் தளத்தில் கடை போட்டிருப்பவருக்கும் இது பொருந்தும், தன் சரக்கைத் தானே விற்பவருக்கும் பொருந்தும். குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "பொருளை ஒப்படைக்க மறுத்தார்" என்று எழுதிப் புகாரை மூடுவது தீர்ப்பது ஆகாது.

நிறுவனங்களின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நல்ல பொருளை எடுத்துவைத்துக்கொண்டு வீட்டில் கிடந்த பழையதைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வாசலில் வைத்துச் சரிபார்க்கும் ஏற்பாடே அவர்களுக்காக வந்தது. இந்த மோசடியைத் தடுக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மெஷினின் அடியில் ஒட்டிய தகட்டில் மாடல் குறியீடும் சீரியல் எண்ணும் இருக்கும். அனுப்பும் முன் அந்தச் சீரியல் எண்ணைப் பதிந்து பில்லில் ஏற்றிவிட்டால் எந்த மெஷின் போனது என்பதில் பிறகு சண்டையே வராது. இந்த நிறுவனத்தின் பில்லில் சீரியல் எண் இல்லை. அட்டைப்பெட்டி மேலிருக்கும் பார்கோடை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். ஒரு பெட்டிக்கு அரை நிமிடம் மிச்சம் பிடித்தார்கள். அந்த மிச்சத்தின் விலையைத் தேனியில் இருக்கும் பெண்மணி கொடுக்கிறார்.

பெட்டியைப் பற்றிப் பேசும்போது, கடிதத்தில் இடம்பெறாத மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். தவறு எங்கே நடந்தது? அந்த மூன்று தாள்களோடு வாசகி புகைப்படமும் இணைத்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் டில்டிங் மாடல் என்றுதான் இருக்கிறது. மெஷினின் அடித் தகட்டில்தான் சாதாரண மாடலின் குறியீடு. இந்த ஒரு வித்தியாசம் போதும், நடந்ததை ஊகிக்க. ஸ்டிக்கரிலும் சாதாரண மாடல் என்றே இருந்திருந்தால், கிடங்கில் சரக்கு எடுப்பவர் பக்கத்து அடுக்கிலிருந்த பெட்டியை மாற்றி எடுத்திருக்கிறார் என்று பொருள். அது ஒரு பெட்டியோடு போகும் தவறு. ஸ்டிக்கர் சரியாக இருந்து உள்ளே மாறியிருந்தால், தொழிற்சாலையில் பேக்கிங் செய்யும்போதே மாறியிருக்க வேண்டும். அல்லது வேறு யாரோ திருப்பி அனுப்பியதைச் சரிபார்க்காமல் கிடைத்த பெட்டியில் போட்டு மறுபடி விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அது ஒரு பெட்டியோடு நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. அதே அடுக்கில் இன்னும் எத்தனை பெட்டிகள் அப்படிக் கிடக்கின்றனவோ.

மாற்றுப் பொருளும் அதே அடுக்கிலிருந்துதானே வரும்? பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து அனுப்பினால் இரண்டாவது முறையும் சாயாத கிரைண்டரே வந்து நிற்கும். இப்படி இரண்டு முறை தவறாக வந்து, மூன்றாவது முறை "இதற்கு மேல் மாற்றித் தர இயலாது" என்ற பதிலைப் பெற்றவர்களின் கடிதங்களும் நம்மிடம் உண்டு. ஆகவே மாற்றுப் பொருளை அனுப்பும் முன் பெட்டியைத் திறந்து, அடித் தகட்டைப் படம் எடுத்து வாங்கியவருக்கு அனுப்பிவிட்டு, அவர் சரி என்ற பிறகு மூடி அனுப்ப வேண்டும். தவறு செய்த நிறுவனம் இதைச் செய்வதால் குறைந்துபோகாது.

மாடல் மாறுவதைச் சில்லறைத் தவறாக எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிரைண்டர் தயாரிப்பாளர்கள் சிலர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அனுப்ப 110 வோல்ட் மாடலையும் செய்கிறார்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிளக்கில் உருண்டையான மூன்று பின்னுக்குப் பதிலாகத் தட்டையான பின் இருக்கும். தகட்டில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அவ்வளவுதான் அடையாளம். அந்தப் பெட்டி நம் ஊர் வீட்டுக்கு வந்து, பின் சேரவில்லையே என்று பக்கத்துக் கடையில் கன்வர்ட்டர் பின் வாங்கி மாட்டினால், 230 வோல்ட் நேராக மோட்டாரில் ஏறும். ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம். சுற்றில் ஓடும் மின்சாரம் அளவு மீறிப் போகும், மோட்டார் சுடும், சில நிமிடங்களில் கருகிய நெடி வரும். பிறகு "வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு, வாரண்டி கிடையாது" என்பார்கள். இப்படித் தவறான மாடல் போனால் மன்னிப்புக்கு முன்னால் எழுத வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: மின் இணைப்புக் கொடுக்காதீர்கள். அதைத் தொலைபேசியில் கூப்பிட்டே சொல்ல வேண்டும். மின்னஞ்சலை மாலையில் பார்ப்பார்கள், அரிசி காலையிலேயே ஊறியிருக்கும்.

இனி, இந்த நிறுவனம் அன்று என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை நாமே எழுதிக் காட்டுகிறோம். காப்புரிமை எதுவும் கேட்கப் போவதில்லை, எடுத்துக்கொள்ளலாம்.

"அம்மா, வணக்கம். தாங்கள் கேட்டது 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர். நாங்கள் அனுப்பியது டில்டிங் வசதி இல்லாத 2 லிட்டர் மாடல். பெட்டியின் ஸ்டிக்கர் சரியாக இருந்தும் உள்ளே வேறு மெஷின் இருந்திருக்கிறது. தவறு எங்கள் பேக்கிங் பகுதியில் நடந்தது. தங்கள் பேரில் எந்தத் தவறும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். வந்த மெஷினைப் பயன்படுத்தாமல் அப்படியே வைத்திருங்கள். சரியான மாடலைத் திறந்து சோதித்துவிட்டோம். அதன் அடித் தகட்டின் படத்தை இணைத்திருக்கிறோம். வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் எங்கள் சிறு லாரி வரும், இருவர் வருவார்கள். புதிய மெஷினை இறக்கி, ஓட்டிக் காட்டி, தங்களுக்குத் திருப்தியான பிறகே பழையதை எடுத்துப் போவார்கள். பெட்டி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கட்டுவது எங்கள் வேலை. எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம். அந்த நேரம் வசதிப்படாவிட்டால் கீழே உள்ள எண்ணில் என்னைக் கூப்பிடுங்கள்." இதற்குக் கீழே ஒரு மனிதரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண்.

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு ஒரே ஒரு சொல்தான். மற்றதெல்லாம் வேலை. வியாழக்கிழமை வண்டி வராவிட்டால் இந்தக் கடிதமே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும். நிறுவனங்கள் நாளும் நேரமும் போட்டு எழுதத் தயங்குவது இதனால்தான் என்று நாம் சந்தேகிக்கிறோம்.

மாற்றும் இடத்திலும் சில காரியங்கள் எழுத்தில் நடந்தாக வேண்டும். கொடுத்த மெஷினின் சீரியல் எண், எடுத்த மெஷினின் சீரியல் எண், தேதி, இரு தரப்புக் கையொப்பம் ஆகியவற்றோடு ஒரு சீட்டு அங்கேயே வாங்கியவர் கையில் கிடைக்க வேண்டும். ஓடிபி சொன்னதும் வேலை முடிந்தது என்று போய்விடக் கூடாது. அந்தச் சீட்டு இல்லாததால்தான் "பழையது எங்களுக்கு வந்து சேரவில்லை" என்று ஒரு மாதம் கழித்துப் பணம் கேட்கும் அவலம் நடக்கிறது. அதேபோல் புதிய மெஷினின் எண் இல்லாத பழைய பில்லே கையில் இருந்தால், இரண்டு வருடம் கழித்து மோட்டார் நின்றுபோகும்போது, "இந்தச் சீரியல் எண் உங்கள் பில்லில் இல்லையே" என்று சர்வீஸ் சென்டரில் கையை விரிப்பார்கள். புதிய மெஷினின் எண் போட்ட புதிய பில், மாற்றிய நாளிலிருந்து தொடங்கும் வாரண்டி, இரண்டும் மாற்றத்தின் பகுதிதான். இவற்றைப் பிறகு மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்பதை ஏற்கக் கூடாது.

கேட்ட மாடல் கையிருப்பில் இல்லை என்றால்? முழுப் பணத்தையும், டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்து, வந்த வழியிலேயே திருப்ப வேண்டும். தங்கள் செயலியின் பணப்பையில் போட்டுவைப்பது திருப்பித் தருவது ஆகாது. இடையில் விலை ஏறிவிட்டது, வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்று கேட்கும் துணிச்சலும் சிலருக்கு வருகிறது. தவறு செய்த நாளில் இருந்த விலைதான் விலை.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவறான மாடல் என்று தெரிந்ததும் உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பெட்டி ஸ்டிக்கர், அடித் தகடு, பில் மூன்றையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்புங்கள். இன்றைக்கு மட்டும் அரைத்துக்கொள்வோம் என்று அரிசியைப் போட்டுவிடாதீர்கள். தெரிவிக்காமல் நெடுநாள் வைத்திருந்தாலோ தன் பொருள் போலப் பயன்படுத்தினாலோ ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். பிறகு மறுக்க முடியாது. பிக்கப் ஆள் எடுக்காமல் போனால், அவர் திரையில் வேறு மாடல் காட்டியது என்பதையும், வந்த தேதி நேரத்தையும் அன்றே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். "ஒப்படைக்க மறுத்தார்" என்ற பொய்யை உடைக்க அந்த ஒரு வரி போதும். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதானால், ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் அவர்கள்தான் தேனிக்கு வர வேண்டும்.

ஆனால் ஏழாயிரம் ரூபாய் கிரைண்டருக்காக ஒரு முதிய பெண்மணியை ஆணையத்தின் படி ஏறவைப்பதுதான் வியாபாரமா என்று நாம் கேட்கிறோம். ஏற மாட்டார், அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்ற கணக்கில்தான் இந்தப் புகார்கள் மூடப்படுகின்றன. மூன்று முறை ஆளை அனுப்பியதாகக் காட்டி முடித்துவைத்தால் நிறுவனத்தின் கணக்கில் அது தீர்க்கப்பட்ட புகார். ஆண்டறிக்கையில் தீர்வு விகிதம் என்று பெருமையாக அச்சிடும் எண்ணுக்குள் இந்தத் தேனிக் கிரைண்டரும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே அந்த நிறுவனத்திடம் நாம் கேட்பது இது. இந்த இதழ் கடைக்கு வந்த ஒரு வாரத்துக்குள், சோதித்த டில்டிங் கிரைண்டரோடு ஒரு நாலு சக்கர வண்டி அந்த வாசகியின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். "ஒப்படைக்க மறுத்தார்" என்ற பதிவை நீக்கி, நீக்கியதை எழுத்தில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடங்கில் அதே அடுக்கில் இருக்கும் டில்டிங் ஸ்டிக்கர் பெட்டிகளை எல்லாம் திறந்து பார்த்து, அதே மாதத்தில் அந்த மாடலை வாங்கியவர்களுக்குத் தானாக முன்வந்து செய்தி அனுப்ப வேண்டும். தவறான மாடல் வந்தும் வம்பு எதற்கு என்று வைத்துக்கொண்டவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். திருப்பி எடுக்கும் உத்தரவில், வந்து சேர்ந்த பொருளின் மாடலும் சீரியல் எண்ணும் தனியாகப் பதியப்படும் வரை, தவறான பொருள் பற்றிய எந்தப் புகாரையும் கணினி தானாக மூடக் கூடாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு கோரிக்கை. தனி ஒருவரின் வழக்காக அன்றி, நுகர்வோர் என்ற வகுப்பினரின் உரிமை மீறப்படும்போது தானாகவே விசாரிக்கும் அதிகாரம் 2019 சட்டத்தால் அதற்குக் கிடைத்திருக்கிறது. பெரிய விற்பனைத் தளங்கள், "தவறான பொருள்" என்று பதிவாகி "வாடிக்கையாளர் மறுத்தார்" என்று முடிந்த புகார்களின் எண்ணிக்கையை மாதவாரியாக ஒப்படைக்கும்படி உத்தரவிடட்டும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களில் நூறு பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உண்மையில் மறுத்தீர்களா என்று கேட்கட்டும். பதில் என்னவாக இருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆணையம் அதைத் தன் காதால் கேட்டு, தவறிய நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.